வாடகை சர்வரில் செக்யூர் பூட் ஓடுமா, ஃபர்ம்வேரை யார் புதுப்பிப்பார்கள்: ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்கும் முறை

"உங்கள் டெடிகேட்டட் சர்வர்களில் செக்யூர் பூட் உண்டா?" என்று ஒரே வரியில் டிக்கெட் போட்டால், "உண்டு" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதில் பொய்யாக இருக்காது. கடந்த பத்தாண்டுகளில் வந்த சர்வர் போர்டு எதை எடுத்தாலும் பயாஸ் மெனுவில் அந்தப் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். நம்பகமான கையெழுத்துள்ள பூட் நிரலை மட்டும் ஓடவிடும் அமைப்பு அது. ஆதரவு மேசையில் இருப்பவர் போர்டின் விவரத்தாளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: செக்யூர் பூட்டை இயக்கிய பிறகும், பழுதான சர்வரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் அவர்களுடைய ரெஸ்க்யூ, ரீஇன்ஸ்டால், போர்டு மாற்றம் எல்லாம் வழக்கம்போல நடக்குமா? ஃபர்ம்வேரில் ஓட்டை வந்தால் அதை அடைக்கும் பொறுப்பு யாருடையது? இந்த இரண்டுக்கும் நழுவ முடியாத பதில் வரும்படி எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். ஏஎம்டி எபிக் செயலி, சூப்பர்மைக்ரோவின் `H12SSL-i` போர்டு, ரெய்டு 1 ஆக இணைத்த இரண்டு என்விஎம்இ டிஸ்க்குகள், டெபியன் 12. மாத வாடகை. தரவு மையம் வேறு நாட்டில். போர்டைக் கையால் தொடும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

முதலில் சர்வரையே கேளுங்கள்

சர்வர் ஏற்கெனவே கையில் இருந்தால், டிக்கெட் எழுதுவதற்கு முன் அதற்குள் நுழைந்து பார்த்துவிடுங்கள். போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் போட்டு எழுதும் கடிதம் ஹார்டுவேர் குழுவுக்குப் போகும். அவை இல்லாத கடிதம் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

```
[ -d /sys/firmware/efi ] && echo UEFI || echo BIOS
mokutil --sb-state
efibootmgr
dmidecode -s baseboard-product-name
dmidecode -s bios-version
dmidecode -s bios-release-date
```

முதல் வரிக்கு `BIOS` என்று வந்தால் சர்வர் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறது. செக்யூர் பூட் யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் முதல் கேள்வியே "யூஇஎஃப்ஐக்கு மாற்றித் தருவீர்களா" என்பதாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் இஎஃப்ஐ பகிர்வும் தேவைப்படுவதால், பெரும்பாலும் மறுநிறுவலோடுதான் இது முடியும். யூஇஎஃப்ஐயில் இருந்தும் `SecureBoot disabled` என்று வந்தால் வேலை பாதி முடிந்ததுபோல. அதோடு `Platform is in Setup Mode` என்றும் வந்தால், போர்டில் பிளாட்ஃபார்ம் கீ எனும் முதன்மைச் சாவி எதுவும் ஏற்றப்படவில்லை என்று பொருள். முதலில் சாவிகளை ஏற்ற வேண்டும்.

`efibootmgr` காட்டும் பூட் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் நெட்வொர்க் இருந்தால் அடுத்த பகுதி உங்களுக்காகவே எழுதியது.

சிக்கல் இருக்கும் இடம்: நெட்வொர்க் பூட்

பல ஹோஸ்டிங் நிறுவனங்களில் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன் நெட்வொர்க்கைப் பார்க்கும். அங்கே அந்த நிறுவனத்தின் பிஎக்ஸ்இ சர்வர், பெரும்பாலும் ஐபிஎக்ஸ்இ நிரல் ஒன்றை அனுப்பும். அந்த நிரல் கட்டுப்பாட்டுப் பலகையில் நீங்கள் என்ன தேர்ந்திருக்கிறீர்கள் என்று பார்க்கும். ரெஸ்க்யூ என்றால் ரெஸ்க்யூ கெர்னலை ஏற்றும், ரீஇன்ஸ்டால் என்றால் நிறுவியை ஏற்றும், ஒன்றும் இல்லையென்றால் "டிஸ்க்குக்குப் போ" என்று கைகாட்டிவிடும். வாடகை சர்வரின் தானியங்கு வசதிகள் எல்லாம் இந்த ஒரு நூலில்தான் தொங்குகின்றன.

செக்யூர் பூட்டை இயக்கியதும், போர்டு நம்பும் சாவியால் கையெழுத்திடப்படாத எந்த பூட் நிரலையும் ஃபர்ம்வேர் ஓடவிடாது. நிறுவனம் தானாகத் தொகுத்த ஐபிஎக்ஸ்இ நிரலில் அந்தக் கையெழுத்து இல்லையென்றால் திரையில் `Security Violation` அல்லது `Access Denied` என்று வரும். சில போர்டுகள் அதைத் தாண்டி டிஸ்க்குக்குப் போகும். சில போர்டுகள் அதே இடத்தில் ஒரு விசை அழுத்தலுக்காகக் காத்துக்கிடக்கும். இரண்டாவது வகை என்றால், நள்ளிரவில் கெர்னல் மாற்றி ரீபூட் செய்த சர்வர் திரும்பி வராது. பிங் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை. ரெஸ்க்யூவில் ஏற்றலாம் என்று பார்த்தால் ரெஸ்க்யூவும் அதே நூலில் வருவதால் அதுவும் எழாது. சர்வரின் திரையையும் விசைப்பலகையையும் தொலைவிலிருந்தே தரும் கேவிஎம் கன்சோல் கேட்டுத் திரையைப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

அதனால், "செக்யூர் பூட் உண்டா" என்று கேட்காமல், "செக்யூர் பூட் இயங்கும் நிலையில் உங்கள் நெட்வொர்க் பூட்டும் ரெஸ்க்யூவும் எழுமா" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விவரத்தாளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று கன்சோல். டெபியனின் சொந்தக் கெர்னல் கையெழுத்தோடு வருவதால் சிக்கல் இல்லை. 2019இல் வந்த டெபியன் 10 முதலே ஷிம் என்ற கையெழுத்திட்ட சிறு பூட் நிரல் வழியாக செக்யூர் பூட் இயல்பாக ஓடுகிறது. ஆனால் இசட்எஃப்எஸ் போல சர்வரிலேயே தொகுக்கப்படும் மாட்யூல் வைத்திருந்தால், உங்கள் சொந்தச் சாவியை ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும். அதைக் கேட்கும் நீலத்திரை, இயங்குதளம் எழுவதற்கு முன்பு வரும். சில நொடிகளுக்குள் விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும். எஸ்எஸ்எச் வழியாக இதைச் செய்ய வழியில்லை. எனவே கேவிஎம் கிடைக்குமா, எவ்வளவு நேரத்துக்கு, கட்டணம் எவ்வளவு என்பதும் செக்யூர் பூட் கேள்வியின் ஒரு பகுதிதான்.

சாவிகளைப் பற்றி ஒரு கேள்வி, அதிகம் வேண்டாம்

சாவி விஷயத்தில் ஆழமாகப் போனால் ஆதரவு மேசை மிரண்டுவிடும். நீங்களே பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட்டு, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்.

```
mokutil --pk | grep -E 'Issuer|Subject'
mokutil --db | grep -i 'uefi ca'
```

முதல் கட்டளையில் `DO NOT TRUST` என்ற சொற்கள் தெரிந்தால், போர்டில் இருப்பது பயாஸ் தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனம் சோதனைக்காக வெளியிட்ட சாவி. அதன் ரகசியப் பகுதி கசிந்துவிட்டதையும், பல உற்பத்தியாளர்கள் அதை மாற்றாமலே போர்டுகளை விற்றிருப்பதையும் 2024 ஜூலையில் பைனார்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. பிகேஃபெயில் என்று அதற்குப் பெயர். அந்தச் சாவியோடு செக்யூர் பூட் `enabled` என்று காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. புதிய ஃபர்ம்வேர் போடச் சொல்லலாம், அல்லது உங்கள் சொந்தச் சாவியை ஏற்ற அனுமதி கேட்கலாம்.

இரண்டாவது கட்டளை, லினக்ஸ் ஷிம்மைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களைக் காட்டும். 2011ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நின்றுவிடாது. ஃபர்ம்வேர் பொதுவாகக் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சாவியால் மட்டும் கையெழுத்திட்ட ஷிம் ஒன்று அப்டேட்டில் வந்து, போர்டில் 2011 சான்றிதழ் மட்டுமே இருந்தால், அடுத்த ரீபூட்டில் ஷிம் எழாது. `Microsoft UEFI CA 2023` என்ற வரி உங்கள் பட்டியலில் இல்லையென்றால் அதையும் கடிதத்தில் சேருங்கள்.

ஃபர்ம்வேர்: முந்தைய வாடகைதாரரை மறக்காதீர்கள்

ஃபர்ம்வேர் என்றதும் பயாஸ் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வாடகை சர்வரில் அதைவிட என்னை உறுத்துவது பிஎம்சி, அதாவது போர்டிலேயே தனியாக ஓடும் மேலாண்மைச் சிப். உங்கள் இயங்குதளம் தூங்கினாலும் அது விழித்திருக்கும். சர்வரை அணைக்கும், ஏற்றும், திரையைப் பார்க்கும், மெய்நிகர் டிஸ்க்கை இணைக்கும். டிஸ்க்கை அழித்தாலும் பிஎம்சியில் உள்ளது அழியாது.

இது வெறும் அச்சம் இல்லை. 2019 பிப்ரவரியில் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஐபிஎம் சாஃப்ட்லேயரில் ஒரு பேர் மெட்டல் சர்வரை வாடகைக்கு எடுத்து, பிஎம்சி ஃபர்ம்வேரில் ஒரே ஒரு பிட்டை மாற்றி, கூடுதலாக ஒரு பயனர் கணக்கையும் சேர்த்துவிட்டு, சர்வரைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு அதே சர்வரை மறுபடி வாங்கிப் பார்த்தது. கூடுதல் கணக்கு நீக்கப்பட்டிருந்தது. மாற்றிய ஃபர்ம்வேர் அப்படியே இருந்தது. கிளவுட்பார்ன் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன்பின், சர்வரை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் பிஎம்சி ஃபர்ம்வேரைத் தொழிற்சாலைப் பதிப்பால் மறுபடி எழுதுவதாக ஐபிஎம் அறிவித்தது. உங்கள் நிறுவனம் அப்படிச் செய்கிறதா என்பதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதற்கு அண்மைய எடுத்துக்காட்டும் உண்டு. பல உற்பத்தியாளர்களின் போர்டுகளில் இருக்கும் ஏஎம்ஐ மெகாராக் பிஎம்சி மென்பொருளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய விடும் ஓட்டை ஒன்று 2025 மார்ச்சில் வெளியானது. எண் `CVE-2024-54085`. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ அதை, உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஒன்றை நீங்கள் உங்கள் இயங்குதளத்தில் `apt upgrade` போட்டுச் சரிசெய்ய முடியாது.

பயாஸ் பக்கம் வந்தால், செயலியின் மைக்ரோகோடில் ஒரு பகுதியை இயங்குதளமே ஏற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாத் திருத்தமும் அப்படி வருவதில்லை. 2025இல் வெளியான என்ட்ரிசைன் என்ற ஏஎம்டி ஓட்டை, மைக்ரோகோடின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்திலேயே இருந்தது. அதை அடைக்கப் பயாஸ் புதுப்பிப்பு வேண்டும். பயாஸ் தேதி 2021 என்று காட்டும் எபிக் சர்வர் ஒன்று உங்களிடம் இருந்தால், "எங்கள் இயங்குதளம் எப்போதும் அப்டேட்டில்தான் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்ள முடியாது.

லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க `fwupdmgr` இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். லேப்டாப்பில் அது நன்றாக ஓடுகிறது. சர்வர் போர்டுகள் அங்கே அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

கடிதம்

நிறுவனத்தின் ஆதரவு மேசை எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியில் அனுப்புங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: செக்யூர் பூட் மற்றும் பயாஸ், பிஎம்சி ஃபர்ம்வேர் புதுப்பிப்பு பற்றிய 5 கேள்விகள் (ஹார்டுவேர் குழுவுக்கு)
>
> வணக்கம்,
>
> எங்கள் டெடிகேட்டட் சர்வரில் சூப்பர்மைக்ரோ `H12SSL-i` போர்டு இருக்கிறது. பயாஸ் பதிப்பு `2.3`, தேதி `10/20/2021`. சர்வர் யூஇஎஃப்ஐ முறையில் எழுகிறது, செக்யூர் பூட் இயக்கப்படவில்லை, பூட் வரிசையில் முதலிடம் நெட்வொர்க்குக்கு. டெபியன் 12 ஓடுகிறது. செக்யூர் பூட்டை இயக்க விரும்புகிறோம். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் வேண்டும்.
>
> 1. செக்யூர் பூட் இயங்கும் நிலையில் உங்கள் நெட்வொர்க் பூட், ரெஸ்க்யூ, தானியங்கு ரீஇன்ஸ்டால் ஆகியவை வேலை செய்யுமா? இல்லையென்றால், நெட்வொர்க் பூட்டை நிறுத்திவிட்டு டிஸ்க்கிலிருந்து மட்டும் எழ அனுமதி உண்டா?
>
> 2. பயாஸ் அமைப்புகளை நாங்களே கேவிஎம் வழியாக மாற்றலாமா, உங்கள் பொறியாளர் மாற்றுவாரா? கேவிஎம்மில் மெய்நிகர் டிஸ்க் இணைக்க முடியுமா? கட்டணமும் நேர வரம்பும் என்ன?
>
> 3. இந்தப் போர்டுக்குப் புதிய பயாஸ், பிஎம்சி ஃபர்ம்வேரை நீங்கள் போட்டுத் தருவீர்களா? நாங்கள் கேட்டால் மட்டுமா, பாதுகாப்பு ஓட்டை வெளியானால் நீங்களாகவே செய்வீர்களா? நாங்கள் செய்ய அனுமதித்தால், நடுவில் போர்டு பழுதானால் மாற்றும் செலவு யாருடையது?
>
> 4. சர்வரை எங்களுக்குத் தருவதற்கு முன் பிஎம்சி ஃபர்ம்வேர் மறுபடி எழுதப்பட்டதா? பிஎம்சியின் இணைய முகவரி பொது இணையத்திலிருந்து எட்டக்கூடியதா?
>
> 5. போர்டு பழுதாகி மாற்ற நேர்ந்தால், அதே மாதிரி போர்டு, அதே செக்யூர் பூட் அமைப்போடு தருவீர்களா?
>
> ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை சர்வரை அணைக்கலாம். பயாஸ் புதுப்பிக்கும் முன் எங்களுக்குத் தெரிவியுங்கள், டிஸ்க் குறியாக்கச் சாவி டிபிஎம்மில் இருப்பதால் நாங்கள் முன்னேற்பாடு செய்ய வேண்டும்.
>
> நன்றி.

அந்தக் கடைசி வரி ஒப்புக்குச் சேர்த்தது இல்லை. டிஸ்க் குறியாக்கத்தை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டியிருந்தால், செக்யூர் பூட் நிலையோ சாவிகளோ மாறும்போது அந்தச் சிப் பதிந்துவைக்கும் பிசிஆர் 7 அளவு மாறும், ஃபர்ம்வேர் மாறும்போது பிசிஆர் 0 மாறும். கட்டியது எந்த அளவோடு என்பதைப் பொறுத்து, டிஸ்க் தானாகத் திறக்காது. மீட்புக் கடவுச்சொல் கையில் இல்லாமல் பயாஸ் புதுப்பிப்புக்குச் சம்மதிக்காதீர்கள். டிபிஎம் பயன்படுத்தவில்லையென்றால் அந்தக் காரணத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.

சர்வர் இன்னும் வாங்கவில்லை என்றால் போர்டு பெயருக்குப் பதிலாகத் திட்டத்தின் பெயரைப் போட்டு, "இந்தத் திட்டத்தில் எந்தெந்தப் போர்டுகள் வரும்" என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரே திட்டப் பெயரில் வெவ்வேறு போர்டுகள் வருவது சாதாரணம். ஒரு போர்டுக்குச் சொன்ன "உண்டு" இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பதிலை எப்படிப் படிப்பது

"எங்கள் சர்வர்கள் அனைத்தும் செக்யூர் பூட்டை ஆதரிக்கின்றன" என்று மட்டும் வந்தால், உங்கள் கேள்விகளைப் படிக்கவில்லை என்று பொருள். சண்டை வேண்டாம். முதல் கேள்வியை மட்டும் மறுபடி ஒட்டி, ஹார்டுவேர் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

"கேவிஎம் இணைக்கிறோம், நீங்களே செய்துகொள்ளுங்கள், ரெஸ்க்யூ எழாமல் போனால் நாங்கள் பொறுப்பில்லை" என்று வந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். என் கணக்கில் இது நல்ல பதில். எங்கே உடையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரெஸ்க்யூ தேவைப்படும் நாளில் கேவிஎம் வழியாக செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் கேவிஎம் எவ்வளவு நேரத்தில் வந்து இணையும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இனி உங்கள் மீட்பு நேரம் அதுதான்.

அடிக்கடி வரும் பதில், "பழுது ஏற்பட்டால் மட்டுமே ஃபர்ம்வேரை மாற்றுவோம்" என்பது. ஓடும் போர்டைத் தொடாதே என்பது தரவு மையத்தின் பழைய பழக்கம், அதில் நியாயமும் உண்டு. இதற்குப் பொதுவான வாதம் எடுபடாது. உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவிப்பில் உங்கள் போர்டின் பெயரும், திருத்தம் வந்த பதிப்பு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் போட்டு, "இந்தப் பதிப்புக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் வேலை பெரும்பாலும் நடக்கும்.

"நீங்களே ஃபிளாஷ் செய்துகொள்ளுங்கள்" என்பது கவனமாக இருக்க வேண்டிய பதில். பாதியில் நின்றுபோன பயாஸ் எழுத்து போர்டை ஊமையாக்கிவிடும். மாற்றுச் செலவு யாருடையது என்ற பதில் எழுத்தில் வராமல் தொடங்காதீர்கள். சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பிஎம்சி வழியாகப் பயாஸ் எழுதப் பொதுவாகத் தனி உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனம் அதை வாங்கியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் வராமல் மற்றவற்றுக்கு வந்தால், விட்டுவிடாமல் மறுபடி கேளுங்கள். பதில் வராததைக் குற்றமாக எடுக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்திலிருந்து `ipmitool mc info` பிஎம்சி பதிப்பையும், `ipmitool user list 1` அதில் உள்ள கணக்குகளையும் காட்டும். நிறுவனம் அந்த வழியை மூடியிருந்தால் பிழை வரும், அது நல்லதுதான். உங்களால் உள்ளிருந்து தொட முடியாத பிஎம்சியை முந்தைய வாடகைதாரரும் தொட்டிருக்க வாய்ப்பு குறைவு.

சம்மதம் வந்த பிறகு

தரவு இல்லாத சர்வரில் தொடங்குங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு உண்டென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பயாஸ் புதுப்பித்தால் அமைப்புகள் பல நேரம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், செக்யூர் பூட்டை முன்பே இயக்கியிருந்தால் அந்த உழைப்பு வீண். பிறகு பூட் கோப்புகளைத் தயார் செய்யுங்கள்.

```
apt install shim-signed grub-efi-amd64-signed
grub-install --target=x86_64-efi
efibootmgr -v
```

கடைசிக் கட்டளையில் டெபியனின் வரி `shimx64.efi` என்று முடிய வேண்டும். `grubx64.efi` என்று முடிந்தால் ஷிம்மைத் தாண்டிப் போகிறது, செக்யூர் பூட் இயங்கியதும் நின்றுவிடும். ரெய்டு 1 என்பதால் இஎஃப்ஐ பகிர்வு இரண்டாவது டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு அதைத் தானாக நகலெடுத்துக்கொள்ளும் என்று நினைப்பது வழக்கம், பல நிறுவல்களில் அப்படி நடப்பதில்லை.

செக்யூர் பூட்டை இயக்கியதும் மூன்று விதமாக எழுப்பிப் பாருங்கள்: சாதாரண ரீபூட், கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து மின்சாரத்தை நிறுத்தி ஏற்றுவது, ரெஸ்க்யூ. மூன்றிலும் கேவிஎம் திரை கண்முன் இருக்கட்டும். சர்வர் எழுந்ததும் `mokutil --sb-state` `SecureBoot enabled` என்று சொல்ல வேண்டும். ஏதாவது மாட்யூல் `Key was rejected by service` என்று மறுத்தால் அது கையெழுத்தில்லாத மாட்யூல், முன்பு சொன்ன நீலத்திரை வேலை பாக்கி இருக்கிறது.

இந்த ஏற்பாடு எதிலிருந்து காக்கும் என்பதில் ஏமாற வேண்டாம். இயங்குதளத்துக்குள் புகுந்தவர் பூட் நிரலையோ கெர்னலையோ மாற்றிவைத்து நிலைத்திருப்பதை இது தடுக்கும். சர்வரைக் கையில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து காக்காது. பயாஸ் மெனுவுக்குள் போகக்கூடிய எவரும் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, `mokutil --sb-state` விடையையும் பயாஸ் பதிப்பையும் உங்கள் கண்காணிப்பில் சேர்த்து, மாறினால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். உள்ளே புகுந்து கெர்னலையே கைப்பற்றியவர் அந்த விடையையும் பொய்யாக்கலாம். ஆனால் போர்டு மாற்றத்தின்போது பொறியாளர் மறந்துவிட்ட அமைப்பை அது அன்றே காட்டிக்கொடுக்கும், வாடகை சர்வரில் செக்யூர் பூட் காணாமல் போவதற்கு வழக்கமான காரணமும் அதுதான்.